வெள்ளைச் சட்டையை மெரூன் ஆக்கினால் மடிப்பெல்லாம் செத்துப்போகிறது, எங்கே தப்பு?

வெள்ளைத்தறி

வணக்கம். ஒரே மாடல் காட்டன் சட்டை, நாலு கலரில் வருகிறது. கையில் இருப்பது வெள்ளைச் சட்டை போட்டு எடுத்த போட்டோ மட்டும்தான். மற்ற மூன்று கலரையும் அதிலிருந்தே செய்ய வேண்டும். மெரூனிலேயே இரண்டு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சட்டைக்கு மேல் மெரூன் லேயர் வைத்து Color மோடு போட்டேன். மெரூன் வரவில்லை, குழந்தைச் சட்டை மாதிரி இளஞ்சிவப்பு வந்தது. சரி என்று Normal மோடிலேயே Opacity 85% வைத்தேன். நிறம் ஓரளவு கிட்டத்தில் வந்தது. ஆனால் சட்டைக்கு மேல் பால் ஊற்றிய மாதிரி இருக்கிறது. கைமடிப்பு, இடுப்புச் சுருக்கம் எல்லாம் காணோம். துணி என்றே சொல்ல முடியாது, அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி. Photoshop தான் பயன்படுத்துகிறேன்.

சட்டுபுட்டு

இதுக்கு ஏன் பாஸ் ரெண்டு நாள்? Hue/Saturation திறங்க, Hue ஸ்லைடரை இழுங்க, முடிஞ்சுது. நான் சிவப்பு டீஷர்ட்டை நீலமா மாத்தினப்போ ரெண்டு நிமிஷம்கூட ஆகல. மடிப்பு, நிழல் எல்லாம் அப்படியே இருந்துச்சு.

மூணாவதுகண்

வெள்ளை சிவப்பாகத் தெரிகிறது என்றால் White Balance தப்பாக இருக்கும். RAW கோப்பைத் திறந்து Temperature ஸ்லைடரைக் குறையுங்கள், வெள்ளை வெள்ளையாகிவிடும்.

வெள்ளைத்தறி

@மூணாவதுகண் சார், வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதை மெரூன் ஆக்குவதுதான் வேலை.

@சட்டுபுட்டு Hue இழுத்துப் பார்த்தேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. ஒன்றுமே நகரவில்லை.

நிழல்வாசி

நகராது தம்பி. Hue ஸ்லைடர் இருக்கிற நிறத்தைச் சுழற்றும். வெள்ளையில் சுழற்ற நிறமே இல்லையே. சட்டுபுட்டுவுக்குச் சிவப்பில் வேலை செய்தது, அது வேறு கதை.

உங்கள் இரண்டு முயற்சியும் ஏன் தோற்றன என்று எண்ணை வைத்துப் பார்த்துவிடுவோம். சட்டையில் வெளிச்சம் படும் இடம் 225, மடிப்பின் உள்ளே 150 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மெரூன் 110, 25, 39.

Color மோடு நிறத்தை மட்டும் உங்கள் லேயரிலிருந்து எடுக்கும், வெளிச்ச அளவைக் கீழே இருக்கும் போட்டோவிலிருந்து எடுக்கும். கீழே இருப்பது 225. அந்த வெளிச்சத்தில் மெரூன் என்று ஒரு நிறம் கிடையாது. மெரூன் என்பதே இருண்ட சிவப்புதானே. அதனால் அது 255, 211, 218 என்று போய் நிற்கிறது. நீங்கள் பார்த்த குழந்தைச் சட்டை அதுதான்.

Normal 85% என்றால் போட்டோவின் பங்கு வெறும் 15%. சிவப்பு சேனலை மட்டும் பாருங்கள்: வெளிச்சத்தில் 127, மடிப்பில் 116. மூலப் படத்தில் 75 புள்ளி இருந்த வித்தியாசம் 11 ஆகிவிட்டது. மடிப்பு செத்தது இங்கேதான். மிச்சமிருக்கும் அந்த 15% வெள்ளை எல்லா இடத்திலும் கலந்து நிற்கிறது, அதுதான் பால்.

Solid Color லேயர் போட்டு, சட்டைக்கு மட்டும் மாஸ்க் வைத்து, மோடை Multiply ஆக்குங்கள். அது செய்யும் கணக்கு இவ்வளவுதான்:

```
புதிய மதிப்பு = சட்டையின் மதிப்பு × நிறத்தின் மதிப்பு ÷ 255
```

வெளிச்சத்தில் 97, 22, 34. மடிப்பில் 65, 15, 23. 225-க்கும் 150-க்கும் என்ன விகிதமோ அதே விகிதம்தான் 97-க்கும் 65-க்கும். நிஜத்திலும் துணி இதைத்தான் செய்கிறது: விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைத் துணி ஏறக்குறைய எல்லாவற்றையும் அனுப்புவதால், உங்கள் போட்டோ கிட்டத்தட்ட ஒளியின் வரைபடம். அதைச் சாயத்தால் பெருக்கினால் சாயம் போட்ட துணி. இந்த வேலைக்கு வெள்ளைச் சட்டை கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.

ராத்திரிப்பூ

எனக்கு நேர் எதிர் பிரச்சினை. கருப்பு டீஷர்ட்டை க்ரீம் கலர் ஆக்கணும். இதே Multiply போட்டா இன்னும் கருப்பாத்தான் ஆகுது. Screen போட்டா சாம்பல் பூசின மாதிரி இருக்கு. என்ன செய்யலாம்?

வெள்ளைத்தறி

@நிழல்வாசி அண்ணா, போட்டுப் பார்த்தேன். மடிப்பெல்லாம் திரும்பி வந்துவிட்டது! ஆனாலும் ஏதோ உதைக்கிறது. முன்னே இருந்ததைவிட நூறு மடங்கு மேல், ஆனால் நிஜ மெரூன் சட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போட்டோவில் இருப்பது தட்டையாகத் தெரிகிறது. நெசவும் மங்கிப்போச்சு. அப்புறம் வலது தோளில் ஒரு இடம் பெயிண்ட் அடித்த மாதிரி வழவழவென்று இருக்கிறது.

சட்டுபுட்டு

அதுக்கு Blend If இருக்கு. லேயர் மேல டபுள் கிளிக் பண்ணி, Underlying Layer வெள்ளை முனையை Alt பிடிச்சு ரெண்டா பிரிச்சு 210-லேர்ந்து 250 வரைக்கும் இழுத்து விடுங்க. ஹைலைட் எல்லாம் அடியிலேர்ந்து எட்டிப் பாக்கும், தட்டையா இருக்காது. Hue விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன், ஒத்துக்கறேன். இது சத்தியமா வேலை செய்யும்.

ஊசிமுனை

சட்டுபுட்டு சொன்னதைச் செய்துவிட்டுத் தோளைப் பாருங்கள், பவுடர் கொட்டியது போல் இருக்கும். வெள்ளைத் துணியில் மிக வெளிச்சமான இடம் பளபளப்பு இல்லை, வெளிச்சம் நேராக விழுகிற இடம், அவ்வளவுதான். மெரூன் காட்டனில் அதே இடம் வெளிச்சமான மெரூனாகத்தான் இருக்கும், வெள்ளையாக எட்டிப் பார்க்காது. சாட்டின் என்றால் வேறு, அதில் ஒளி நிறம் மாறாமலே தெறிக்கும்.

நான் துணி பக்கம் இருக்கிறவள், கம்ப்யூட்டர் பக்கம் அரைகுறை. தினமும் வெள்ளையையும் அடர்த்தியான துணியையும் அடுத்தடுத்து தைக்கிறேன். ஒரே பிளீட், ஒரே விளக்கு. வெள்ளையில் மடிப்பின் உள்ளே பார்த்தால் துணி தெரியும். அடர் நிறத்தில் உள்ளே இருட்டுதான். வெள்ளையில் ஊசி கீழே விழுந்தால் மடிப்புக்குள்ளேயும் தேடி எடுத்துவிடலாம்.

நிழல்வாசி

ஊசிமுனை அக்கா சொன்னதுதான் அந்த உதைப்பு. நான் முதல் பதிலில் சொல்லாமல் விட்டது.

வெள்ளைத் துணியின் மடிப்புக்குள் போகும் ஒளி ஒரு சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்குத் தாவி, மறுபடி தாவி, உள்ளேயே வெளிச்சம் நிறைத்துவிடும். மெரூன் துணியில் முதல் தாவலிலேயே பெரும்பங்கு விழுங்கப்பட்டுவிடும். ஆக, வெள்ளைச் சட்டை போட்டோவில் இருக்கிற நிழல் வெள்ளைச் சட்டைக்கு உரிய நிழல். அதை அப்படியே பெருக்கினால் நிறம் மெரூன், மடிப்பு மட்டும் வெள்ளைத் துணி மடிப்பு. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் கண்டுபிடித்துவிடும்.

வெள்ளைத்தறியிடம் நிஜ மெரூன் சட்டை இருக்கிறதே, அதை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தலாம்.

ஒன்று, நிறம். மெரூன் துணியையும் வெள்ளைத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே விளக்கில் தட்டையாக விரித்து ஒரே பிரேமில் எடுங்கள். உதாரணத்துக்கு வெள்ளை 228, 226, 222 என்றும் மெரூன் 98, 22, 34 என்றும் வருகிறது என்றால், மெரூனை வெள்ளையால் வகுத்து 255-ஆல் பெருக்குங்கள். 98 ÷ 228 × 255 = 110. அதே மாதிரி 25, 39. `#6E1927`. Solid Color-இல் போட வேண்டியது இந்த எண். நேரடியாக 98, 22, 34 போட்டால் விளக்கின் குறைவை இரண்டு தடவை கழித்த மாதிரி, தேவைக்கு மேல் இருளும். நிறையப் பேர் ஐட்ராப்பரில் எடுத்த நிறத்தை அப்படியே போட்டுவிட்டு ஏன் கருத்துப்போகிறது என்று கேட்பது இதனால்தான்.

இரண்டு, மடிப்பின் ஆழம். இரண்டு துணியையும் ஒரே மாதிரி மடித்து எடுத்துப் பாருங்கள். வெள்ளையில் மடிப்பு 150, மேடு 225 என்றால் விகிதம் 0.67. மெரூனில் சிவப்பு சேனலில் மேடு 97, மடிப்பு 48 என்று வந்தால் 0.5. அப்படியானால் Multiply லேயருக்குக் கீழே ஒரு Curves லேயர், அதே சட்டை மாஸ்க்குடன். 225-இல் ஒரு புள்ளி குத்தி அசையாமல் நிறுத்துங்கள். 150-இல் இன்னொரு புள்ளி, அதை 112-க்கு இறக்குங்கள். பெருக்கியதும் மடிப்பில் 48 வந்துவிடும். உங்கள் துணிக்கு எண் மாறும், அளந்துதான் போட வேண்டும்.

தோள் வழவழவென்று இருப்பது வேறு வியாதி. மற்ற லேயரை எல்லாம் மறைத்துவிட்டு, மூலப் போட்டோவுக்கு மேல் ஒரு Threshold லேயரை 254-இல் வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் போட்டோ வெளிச்சத்தில் வெந்துபோயிருக்கிறது. 255-ஐ எதால் பெருக்கினாலும் ஒரே நிறம்தான், நெசவு எங்கிருந்து வரும்?

மூணாவதுகண்

கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். இப்போது என் பக்கம் வந்திருக்கிறது. தோள் RAW-இல் காப்பாற்றப்படலாம். Exposure-ஐ 0.7 அளவு இறக்கித் திறந்து பாருங்கள், JPEG-இல் 255 ஆகத் தெரிவது RAW-இல் பல நேரம் உயிரோடு இருக்கும். அடுத்த முறை இந்த வேலைக்காகவே எடுப்பதானால், சட்டையின் மிக வெளிச்சமான இடம் 235-ஐத் தாண்டாமல் எடுங்கள். திரையில் சட்டை கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், பயப்படாதீர்கள்.

இன்னொன்று. வெள்ளைத் துணியில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கும். அது புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பும். பகல் வெளிச்சத்திலும் சில பிளாஷிலும் சட்டை நீலம் பாய்ந்து விழும். அதன் மேல் மெரூனைப் பெருக்கினால் ஊதா பக்கம் சாயும். பெருக்குவதற்கு முன் சட்டையை முழுதாக Black & White ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நிழல்வாசி

அங்கே நான் ஒத்துக்க மாட்டேன். நிழலில் இருக்கிற நீலம் எல்லாம் ரசாயனத்தால் வந்ததல்ல. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு என்றால் நிழலின் நிறம் நிஜமான ஒளி. அதைத் துடைத்துவிட்டால் முகத்தின் நிழலில் நீலம் இருக்கும், சட்டையில் இருக்காது. இரண்டு வேறு அறையில் எடுத்த மாதிரி ஆகிவிடும். சட்டையின் Saturation-ஐப் பாதி இறக்குங்கள், அதோடு நிறுத்துங்கள்.

மூணாவதுகண்

வெள்ளைப் பின்னணியில் பட்டியலுக்கு எடுக்கிற படத்தில் எந்த ஜன்னல்? எல்லாச் சட்டையும் ஒரே மாதிரி வர வேண்டும் என்றால் துடைப்பதுதான் வழி. பாதி இறக்கினால் பத்துப் படத்தில் பத்து விதமான மெரூன்.

ஊசிமுனை

பத்து விதமான மெரூன் என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு இடத்துக்குத் தைத்துக் கொடுத்தேன், அவர்களே கலர் மாற்றிப் படம் போட்டார்கள். படத்தில் இருந்தது திராட்சை, பெட்டியில் போனது செங்கல். திரும்பி வந்த சட்டை எல்லாம் என் வீட்டில்தான் குவிந்தது, “துணியை மாத்திட்டீங்க” என்று பேச்சு வேறு. துணியைப் பக்கத்தில் வைத்து எடுத்து எண் பார்க்கச் சொல்கிறாரே நிழல்வாசி, அதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

வெள்ளைத்தறி

Curves போட்டதும் கைமடிப்பு எழுந்து நிற்கிறது. நம்பவே முடியவில்லை. RAW-இல் 0.7 இறக்கியதில் தோளும் பெரும்பாலும் திரும்பிவிட்டது, நகம் அளவு ஒரு இடம்தான் மிச்சம்.

இன்னும் இரண்டு சிக்கல். நெசவு இன்னும் மங்கல்தான். சட்டை ஓரத்தில் சுற்றிலும் வெள்ளையாக ஒரு நூல் மாதிரி கோடு ஓடுகிறது.

நிழல்வாசி

நெசவு மங்குவதற்கும் அதே பெருக்கல்தான் காரணம். வெள்ளையில் ஒரு இழை 225, பக்கத்து இடுக்கு 215 என்றால் வித்தியாசம் 10. பெருக்கிய பிறகு சிவப்பு சேனலில் 97, 93. விகிதம் மாறவில்லை, ஆனால் 4 புள்ளியைத் திரையில் யார் பார்ப்பது? நிஜ மெரூன் துணியில் இழையின் முதுகில் மெலிசாக ஒரு மினுக்கு இருக்கும். சாயம் அதைத் தொடாது, அதனால்தான் அடர் நிறத்திலும் நெசவு கண்ணுக்குத் தெரிகிறது. காட்டனிலும் உண்டு, சாட்டின் அளவுக்கு இருக்காது.

RAW-இலிருந்து வந்த மூல லேயரை ஒரு பிரதி எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். நிறத்தை நீக்கிவிட்டு High Pass, ஆரம் 1.5 அல்லது 2 பிக்சல். மோடு Overlay, சட்டை மாஸ்க். படத்தை 100% அளவில் பார்த்துக்கொண்டே Opacity-ஐ ஏற்றுங்கள், திரைக்குப் பொருத்திச் சுருக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நெசவோடு சேர்ந்து கேமராவின் இரைச்சலும் எழும்ப ஆரம்பித்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். நிழலான பக்கத்தில் துணிக்குப் பதில் மணல் தெரிந்தால் நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள்.

மிச்சமிருக்கும் அந்த நக அளவு இடத்துக்குப் பக்கத்துத் துணியிலிருந்து Clone Stamp. இழை ஓடும் திசை ஒத்துப்போகிற இடமாக எடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டது தெரியும்.

வெள்ளைக் கோடு, மாஸ்க் சட்டைக்குள் ஒரு பிக்சல் குறைவாக நிற்பதால் வருவது. வெள்ளையாக இருக்கும்போது யாருக்கும் தெரியாத ஓரம், மெரூன் ஆனதும் பளிச்சென்று நிற்கிறது. மாஸ்க்கை ஒரு பிக்சல் வெளியே தள்ளுங்கள். பின்னணியிலும் துளி கருக்கும், ஓரமாக இருப்பதால் நிழலில் கலந்துவிடும். கழுத்தில் முடி விழுந்திருந்தால் ஒவ்வொரு இழையாக வெட்டிக்கொண்டு உட்காராதீர்கள். கருத்த முடியை மெரூனால் பெருக்கினாலும் கருப்புதான். தோல் பக்கம் மட்டும் கவனம், அங்கே ஒரு பிக்சல் தாண்டினாலும் கீறல் விழுந்த மாதிரி இருக்கும்.

தாடைக்கு அடியில் பாருங்கள். வெள்ளைச் சட்டை ரிப்ளெக்டர் மாதிரி கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் அடித்திருக்கும். மெரூன் சட்டை அதைச் செய்யாது. மென்மையான பிரஷால் அங்கே ஒரு Curves மாஸ்க் வரைந்து லேசாக இறக்குங்கள், துளி சிவப்புப் பக்கம் சாய்த்து.

ராத்திரிப்பூ

என் கருப்பு டீஷர்ட்டை எல்லாரும் மறந்துட்டீங்க போல.

நிழல்வாசி

மறக்கவில்லை, சொல்ல மனசு வரவில்லை. கருப்புத் துணி முழுவதும் 10-க்கும் 40-க்கும் நடுவில் அடைந்து கிடக்கும். முப்பது படி. அதை 130 முதல் 230 வரை இழுத்தால் ஒவ்வொரு படிக்கும் நடுவில் இரண்டு மூன்று படி காலி. மென்மையான நிழல் பட்டை பட்டையாக உடையும். JPEG என்றால் அதன் 8 பிக்சல் கட்டங்களும் மேலே வந்துவிடும். RAW, 16 பிட் என்றால் ஓரளவு போராடலாம்.

போராடினாலும் ஒன்று மாறாது. கருப்பில் நீங்கள் பார்க்கிற வெளிச்சத்தில் பெரும்பங்கு மினுக்கு. அது மடிப்பின் முதுகில் மட்டும் விளக்கைப் பார்த்து நிற்கும். அதைத் தூக்கினால் க்ரீம் காட்டன் வராது, க்ரீம் சாட்டின் மாதிரி ஏதோ வரும்.

ராத்திரிப்பூ

RAW இல்லை. மெசேஜில் வந்த JPEG தான்.

நிழல்வாசி

அப்படியானால் திரும்ப எடுப்பதுதான்.

சட்டுபுட்டு

ஒரு சந்தேகம், திட்டாதீங்க. சிவப்பை நீலமா மாத்தினப்போ சரியா வந்துச்சுன்னு சொன்னேன்ல. நேத்து அதே சிவப்பை பச்சையா மாத்தினேன், பச்சை கண்ணைக் குத்துது, ரேடியம் மாதிரி. Hue மட்டும்தான் தொட்டேன். ஏன்?

நிழல்வாசி

நல்ல கேள்வி. Hue ஸ்லைடர் அதன் சொந்தக் கணக்கில் Lightness-ஐ மாற்றாது. ஆனால் நம் கண்ணுக்கு அதே அளவு பச்சை, சிவப்பைவிட ரொம்ப வெளிச்சம். நீலம் இன்னும் இருட்டு, அதனால் அன்று நீலம் உங்களை ஏமாற்றவில்லை. பச்சையாக்கிய பிறகு Curves-இல் இறக்குங்கள். சிவப்பு துணியின் சேனல்களையும் தனித்தனியே பாருங்கள். பளிச்சென்ற சிவப்பில் சிவப்பு சேனல் வெந்துபோய்த் தட்டையாக இருக்கும், மடிப்பெல்லாம் பச்சை சேனலில் ஒளிந்திருக்கும். சில நேரம் அந்த ஒரு சேனலை மட்டும் சாம்பல் படமாக எடுத்து, மேடு 225 பக்கம் வரும்படி தூக்கிவிட்டு, வெள்ளைச் சட்டை மாதிரியே பெருக்கிவிடுவேன். நிழல் கொஞ்சம் கடுமையாக வரும், அதைத் தணிக்க வேண்டியிருக்கும்.

வெள்ளைத்தறி

முடிந்தது! படம் இணைத்திருக்கிறேன். Saturation விஷயத்தில் இரண்டையும் செய்து பார்த்தேன். பின்னணி வெள்ளையாக இருக்கிற படங்களுக்கு மூணாவதுகண் சார் சொன்ன மாதிரி முழுதாகத் துடைத்துவிட்டேன், ஜன்னலோரத்தில் எடுத்த ஒரே படத்துக்குப் பாதி. நிஜச் சட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், வீட்டில் இருக்கிறவர்களுக்கு எது முதலில் எடுத்த போட்டோ என்று தெரியவில்லை.

மூணாவதுகண்

திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பது திரையையும் அறை விளக்கையும் பொறுத்தது, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எண்ணைப் பாருங்கள். மற்றபடி அருமை.

ஊசிமுனை

நன்றாக வந்திருக்கிறது தம்பி. இடது கை கஃபில் பட்டன் தைத்த நூல் மட்டும் மெரூனாகிவிட்டது, வலது கையில் வெள்ளையாகவே இருக்கிறது. நிஜச் சட்டையில் எது என்று பார்த்து மாஸ்க்கைத் திருத்துங்கள்.